வளையம் கழட்டியாச்சு

கத்தரியக்காவுக்கு அந்தப் பெயர் கையில் இருந்த கத்தரியால் வந்ததா, வாயில் இருந்த கத்தரியால் வந்ததா என்று அந்தத் தையல் கம்பெனியில் யாருக்கும் முடிவாகத் தெரியாது. பள்ளிச் சீருடை தைக்கும் இடம். துணி வெட்டும் மேஜைக்கு அவள்தான் தலைவி. நாற்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவாள். யாராவது அளவில் கால் அங்குலம் பிசகினால், அதே மூச்சில் அவர்களையும் வெட்டுவாள்.

அப்படிப்பட்டவள் அன்று காலர் துண்டுகளைக் கோணலாக வெட்டிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டன் தைக்கிறவள் ஓடி வந்து கையைத் தொட்டாள். "என்னக்கா இது, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது!"

"வெயில் காலம்டி. கொதிக்காம குளிருமா?"

"பல்லு தந்தி அடிக்குது. கேட்டா குளிரலைங்கிற. எங்க வலிக்குது?"

"வயிறு."

"வயிறுன்னா எந்தப் பக்கம்?"

"வயிறுன்னா வயிறுதான். மேப் போட்டா காட்ட முடியும்?"

சொல்லிக்கொண்டே தொப்புளுக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். வலி அங்கே இல்லை. அதற்கு வெகு கீழே, வலது தொடை ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே, யாரோ கொதிக்கிற கல்லை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு அவளிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பெயர் எதுவும் இல்லை. மூன்று மாதமாகவே அங்கே ஒரு மந்தமான வலி. உடம்பும் இளைத்திருந்தது. மருந்துக் கடையிலும் "வயிறு" என்றே சொன்னாள். அவனும் வாயு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

இந்தத் தடவை மாத்திரை வேலைக்காகவில்லை. மகன் போன் ரிப்பேர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். மருமகளும் கூட வர, மூவரும் பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள்.

அங்கேதான் ஒரு வார்த்தை தடம் மாறிப் போனது.

உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் இருந்த பெண், "நகையெல்லாம் கழட்டி வீட்டு ஆளுங்க கிட்ட குடுத்துடுங்க. காணோம்னா நாங்க பொறுப்பில்ல" என்று பொதுவாக எல்லாருக்கும் ஒப்பித்தாள். கத்தரியக்கா காதில் இருந்த இரண்டு வளையத்தையும் கழற்றி மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே படுக்க வைத்து வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவும்போது, உதவிக்கு நின்ற வேறொரு பெண் தாளைப் பார்த்தபடி கேட்டாள்.

"வளையம் ஏதும் போட்டிருக்கீங்களா?"

"கழட்டியாச்சும்மா."

"எப்ப கழட்டினீங்க?"

"இப்பதான்... கொஞ்சம் முன்னாடி."

அந்தப் பெண் 'சமீபத்தில்' என்று எழுதிக்கொண்டாள். ஸ்கேன் டாக்டர் அதற்கப்புறம் கர்ப்பப்பைக்குள் எதையும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை என்பதுபோல வலது பக்கத்தில் பெரிய ஒன்று திரையை அடைத்துக்கொண்டு நின்றது. கருவியை அழுத்தியபோதெல்லாம் கத்தரியக்கா அலறியதால் அவரும் சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

வெளியே வந்து மகனிடம் சொன்னார். "வலது சினைப்பை பக்கம் கட்டி இருக்கு. சாத்துக்குடி அளவு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கட்டி. மகன் முகம் வெளிறிப்போயிற்று. நம் ஊர்களில் கட்டி என்றால் சீழ்க்கட்டியும் கட்டிதான், கொழுப்புக் கட்டியும் கட்டிதான். ஆனால் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கிறவன் காதில் அதற்கு ஒரே அர்த்தம்தான் விழும்.

"கேன்சரா டாக்டர்?"

"அதெல்லாம் அங்க பார்த்துச் சொல்வாங்க."

வாடகை வண்டியில் போகும்போது மகன் முன் சீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மருமகள் வளையங்களை மாமியார் காதில் மாட்டிவிட்டாள். கொக்கி மாட்டும் அந்த நொடியில்தான் கத்தரியக்காவுக்குச் சுருக்கென்றது.

வளையம்!

சின்ன மகள் பிறந்த புதிதில் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைக்குள் ஒன்று வைத்து அனுப்பினார்கள். தாளில் அதற்கு காப்பர் டி என்று பெயர். வார்டில் பெண்கள் அதைத் தங்களுக்குள் வளையம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். 'பத்து வருஷத்துல வந்து எடுத்துடணும்' என்று நர்ஸ் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. பத்து வருஷம் முடிகிற சமயத்தில் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். சின்னவள் இப்போது ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வளையம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

எடுக்கப் போகாமல் இல்லை. ஒரு தடவை போனாள். அதை எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய இளசுகள். சீட்டுக் கொடுக்கிறவள், "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று கேட்டாள். 'அவர் செத்துட்டாரும்மா, அவருக்காக வச்சதை எடுக்க வந்திருக்கேன்' என்று எப்படிச் சொல்வது? அத்தனை பேர் தலையும் திரும்பாதா? 'இத்தனை வருஷம் எதுக்கு வச்சிருந்தா?' என்று ஒரு கேள்வி கிளம்பாதா? "தப்பா வந்துட்டேன், கண் டாக்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் மறந்துபோனாள். மறந்துபோனதாக நினைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லலாம். முன் சீட்டில் வளர்ந்த மகன் இருக்கிறான். அவள் காது வளையத்தைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் அவமானம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணமாக வந்தது.

"யூரின் பிடிச்சுக் குடுங்கம்மா. கர்ப்பமான்னு பார்க்கணும்" என்றாள் சிஸ்டர்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"ஏம்மா, மருமக நிக்கிறா. மகன் நிக்கிறான். என் வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகுது. சாமியா வந்து வரம் குடுத்துச்சு?"

"நாற்பத்தஞ்சு வயசு, வயித்து வலின்னா எல்லாருக்கும் பார்ப்போம்மா. கரு டியூபுல தங்கி வெடிச்சாலும் இப்படித்தான் வலிக்கும். கலெக்டரா இருந்தாலும் கிண்ணம் உண்டு."

மகன் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரியக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். கர்ப்பம் இல்லை என்று வந்தது. அதையும் ஏதோ சந்தோஷமான செய்தி மாதிரி சிஸ்டர் சத்தமாகச் சொன்னாள்.

அடுத்து வந்த மகப்பேறு டாக்டரம்மா கிட்டத்தட்ட அவள் வயசுக்காரர். வயிற்றை மெல்ல அழுத்தினார், காய்ச்சலைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "உள்பரிசோதனை பண்ணணும். உள்ளே வச்சு ஒரு ஸ்கேனும் பார்த்தா தெளிவாத் தெரியும்" என்றார்.

"வேண்டாம்."

"வலிக்கும்னு பயமா?"

"வலி இருக்கட்டும். வேண்டாம் டாக்டர். எதுவா இருந்தாலும் மேலாலயே பாருங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். அனுமதி இல்லாமல் தொட முடியாது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு மருந்தை எழுதினார். கையில் ஊசி குத்தி இரண்டு ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக ஏறின. மூன்றாவது ஒரு கேப்சூல். பாட்டிலில் ஏறிய மருந்து வாயில் இரும்புச் சுவையைக் கொண்டுவந்தது.

"என்ன அத்தை, எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மருமகள்.

"பழைய பூட்டை நக்கின மாதிரி இருக்கு."

"அதை எப்ப நக்கினீங்க?"

"உன் புருஷனை வளர்க்கிறப்ப நக்காதது எது?"

மருமகள் சிரித்தாள். வாய் இன்னும் வேலை செய்கிறது என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு.

ஆனால் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் அளவுக்கு மேலே வந்தது. அது சீழ் பிடித்தாலும் ஏறும், புற்றானாலும் ஏறும். சி.டி. எடுத்தால் தெளியும். ஆஸ்பத்திரி மெஷினோ ரிப்பேரில் இருந்தது. இந்தக் காய்ச்சலோடு அவளை வண்டியில் வேறு ஊருக்கு அனுப்ப டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரும் சர்ஜனும் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசினார்கள்.

"எனக்கு இது சீழ்னுதான் தோணுது" என்றார் டாக்டரம்மா. "டியூபும் சினைப்பையும் ஒண்ணா ஒட்டி, நடுவுல சீழ் சேர்ந்திருக்கு. ஸ்கேன் பார்த்துக்கிட்டே குழாய் விட்டு வடிச்சிரலாம்."

"கேன்சரா இருந்தா? குழாய் விட்டோம்னா வயிறு பூரா அதை விதைச்ச மாதிரி ஆயிடும். மூணு மாசமா இளைச்சிருக்காங்க, ரத்தத்துல கேன்சர் மார்க்கர் ஏறியிருக்கு. வீட்டுக்காரர் இல்லாதவங்க, காப்பர் டியும் எடுத்தாச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுது. இவ்வளவு பெரிய சீழுக்குக் கிருமி எங்கிருந்து வந்துச்சு? திறந்து பார்த்துரலாம். கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை எல்லாத்தையும் எடுத்துரலாம்."

"காய்ச்சல்ல திறந்தா குடல் ஒட்டிக்கிட்டு இருக்கும். கிழிஞ்சா என்ன பண்றது?"

"விட்டு வச்சு உள்ளேயே உடைஞ்சா என்ன பண்றது?"

கத்தரியக்கா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்போலிருந்தது.

கேன்சர் என்று இருந்துவிட்டால் என்ன? இந்த மூன்று நாளில் கம்பெனியிலிருந்து எத்தனை பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள்! 'தங்கமான மனுஷி' என்றார்கள். கேன்சர் மரியாதைப்பட்ட நோய். இதுவோ? புருஷன் செத்து எட்டு வருஷம் ஆன பிறகும் வளையத்தோடு திரிந்தவள் என்று நாளைக்கு அதே வாய்கள் வேறு மாதிரி பேசும். ஹாஸ்டலில் ஒருத்தி இருக்கிறாள், நாளைக்கு ஒரு வீட்டில் வாழப் போக வேண்டியவள்.

சர்ஜன் போய்விட்டார். டாக்டரம்மா மகனையும் மருமகளையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து மூடி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்களைக் கத்தரியக்கான்னு கூப்பிடுறாங்களாமே?"

"ஆமா டாக்டர்."

"துணியை வெட்டறதுக்கு முன்னாடி அளவு பார்ப்பீங்கதானே? நான் இப்ப அளவு தெரியாமலே உங்களை வெட்டச் சொல்லி சர்ஜன்கிட்ட சொல்லணும். சீழ்னா ஒரு சின்னக் குழாய் போதும். கேன்சர்னா குழாய் கூடாது. எதுன்னு தெரியல, உள்ள பார்க்கவும் விட மாட்டேங்கிறீங்க. ஒண்ணு கேக்கிறேன். யாராவது... பழக்கம்னு..."

"ஐயோ, அது இல்ல டாக்டர்!"

"இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் கேக்கிறது கிருமிக்காக."

"சத்தியமா இல்ல." கத்தரியக்கா போர்வை நுனியை முறுக்கினாள். "அந்த ஸ்கேன்காரப் பொண்ணு வளையம் போட்டிருக்கீங்களான்னு கேட்டா. நான் கழட்டியாச்சுன்னு சொன்னேன்."

"ஆமா, ரிப்போர்ட்ல இருக்கு. சமீபத்துலதான் எடுத்ததா எழுதியிருக்கு. யாரு எடுத்தாங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

"நானேதான். காதுல இருந்து."

டாக்டரம்மாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சிரிக்கவில்லை. அது பெரிய உபகாரமாக இருந்தது.

"அப்ப உள்ள?"

"இருக்கு. சின்னவ பொறந்தப்ப வச்சது. அவளுக்குப் பதினெட்டு வயசு ஆகுது. எடுக்கப் போனேன், யாராவது தப்பா நினைப்பாங்களோன்னு பயந்து திரும்பி வந்துட்டேன்."

"காதுன்னு நினைச்சுச் சொல்லிட்டீங்க."

"அப்ப அப்படித்தான் நினைச்சேன். வண்டியில வர்றப்பவே புரிஞ்சிருச்சு." அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புரிஞ்சும் சொல்லல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? உள்ள பார்த்தா தெரிஞ்சிடும்னுதான் வேண்டாம்னேன்."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். "கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு சர்ஜன் கேட்டாரே, அதுக்குப் பதில் இதுதான். காலம் தாண்டி உள்ளேயே கிடந்தா அதுல ஒரு கிருமி குடியேறும். எல்லாருக்கும் வராது. வந்தா மெதுவா வேலை செய்யும். உடம்பு இளைக்கும், கட்டி மாதிரி திரளும், கேன்சர்னு நம்மையே ஏமாத்தும். இப்பவாவது பார்க்க விடுவீங்களா?"

"என் மகனுக்குச் சொல்லாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். அது உங்க விஷயம்."

திரைக்கு அந்தப் பக்கம் வெந்நீர் பிளாஸ்கோடு வந்து நின்ற மருமகள் காலை அசைக்காமல் அப்படியே நின்றாள். போகவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. மாமியார் மறைத்ததைக் கேட்டுவிட்டோமே என்று அவளுக்குக் காது சுட்டது.

அன்று காலையிலேயே வேலை நடந்தது. உள்பரிசோதனையில் வளையத்தின் நூல் தென்பட்டது. மருந்து ஏற்கெனவே உடம்பில் ஓடிக்கொண்டிருந்ததால் அதை அப்போதே இழுத்து எடுத்தார்கள். கறுத்து, மேலே ஏதோ படிந்து, பழைய மீன்முள் மாதிரி வந்தது. உள்ளே வைத்துப் பார்த்த ஸ்கேனில் கட்டியின் தடித்த சுவரும், அதற்குள் அறை அறையாகத் தேங்கிய கலங்கலும் தெரிந்தன. சர்ஜனும் பார்த்தார். "சரி, வடிச்சிரலாம்" என்றார்.

அடிவயிற்றில் மரத்துப்போக ஊசி போட்டு, திரையைப் பார்த்தபடியே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். அதன் நுனி உள்ளே போனதும் பன்றிவால் மாதிரி சுருண்டுகொள்ளும், நழுவாது. நாற்றத்தோடு சீழ் பையில் இறங்கியது. அதில் கொஞ்சம் ஒரு குப்பியிலும், வளையம் இன்னொரு குப்பியிலும் போயின. டாக்டரம்மா தாளில், 'மெதுவாக வளரும் கிருமியா என்று பார்க்கவும், கிருமி வளர்க்கும் தட்டுகளைச் சீக்கிரம் எறிய வேண்டாம்' என்று எழுதினார்.

இரண்டு குப்பிகளையும் தாளையும் சிஸ்டர் வெளியே நின்ற மகனிடம் நீட்டினாள். "கீழ லேப்ல குடுத்துடுங்க."

ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் நடப்பதுதான் இது. நோயாளியின் ஆள்தான் தபால்காரன்.

மகன் படியிறங்கும்போது குப்பியைப் பார்த்தான். போன் ரிப்பேர் செய்கிறவன் கண், சின்னப் பொருளை விடாது. ஆங்கில டி எழுத்தின் வடிவம், சுற்றியிருந்த செம்புக் கம்பி. தன் மனைவிக்கு இப்படி ஒன்று வைக்கலாமா என்று போன மாதம்தான் நர்ஸ் ஒருத்தி படம் காட்டியிருந்தாள்.

இது அம்மாவிடமிருந்தா?

அப்பா போய் எட்டு வருஷம். அவன் கால் ஒரு படியில் நின்றுவிட்டது. அம்மா வேலை முடிந்து நேரம் கழித்து வந்த நாட்கள், கம்பெனி மேனேஜர் ஒரு தடவை வீட்டு வாசல் வரை வண்டியில் இறக்கிவிட்டது, எதற்கும் சம்பந்தமில்லாததெல்லாம் சேர்ந்து வந்து நின்றன. வெட்கக்கேடு! அவன் குப்பியைக் கைக்குட்டையால் மூடினான்.

லேப் ஜன்னலில் வரிசை. பின்னால் ஒரு குரல், "என்ன தம்பி, நீங்க இங்க? என் போன் ரெடியா?" கடைக்கு வருகிற வாடிக்கையாளர். மகன் தலையை ஆட்டி வைத்தான்.

ஜன்னலுக்குள் மூக்குக் கண்ணாடிக்காரர் தாளைப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவர் குரல் மைக் வைத்த மாதிரி.

"சீழ் சரி. இது காப்பர் டி. நாற்பத்தஞ்சு வயசு, விதவைன்னு போட்டிருக்கு. இதுவும் இவங்களுதா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க தம்பி."

பின்னால் வாடிக்கையாளர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல" என்றான் மகன். "அது... என் ஒய்ஃபோடது. தனி."

"அதான பார்த்தேன்! கலந்து குடுத்து எங்க உசுரை வாங்குறாங்க." மூக்குக் கண்ணாடிக்காரர் தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு, மனைவியின் பெயரையும் வயசையும் கேட்டு, வளையத்துக்குத் தனி எண் போட்டார்.

மகனுக்கு மூச்சு வந்தது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத ஒரு பொய் என்றுதான் அவன் நினைத்தான்.

குழாய் வைத்த மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அதற்கடுத்த நாட்களில் கத்தரியக்கா எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் மருமகனுக்கு அளவு பிசகித் தைத்த சட்டையைப் பார்த்து, "யாருப்பா இது, தையல்காரன் உனக்கு எதிரியா?" என்று கேட்கிற அளவுக்குத் தேறினாள். மகன் மட்டும் கட்டிலுக்கு அருகே வருவதில்லை. வாசலில் நின்று, "டீ வேணுமா?" என்று கேட்பான். வேணும் என்றால் மருமகளிடம் கொடுத்து அனுப்புவான்.

கத்தரியக்காவுக்குப் புரிந்தது. அவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. அவள் வாயும் அவனிடம் மட்டும் அடங்கிப்போயிற்று. அவன் வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆனது. குழாயில் வடிவது நின்று, அதை எடுத்தாயிற்று. டாக்டரம்மா மகனையும் மருமகளையும் வராந்தாவில் நிறுத்தினார்.

"சீழ் ரிப்போர்ட்ல கலப்பா சாதாரணக் கிருமிகள்தான் வந்திருக்கு. அதுக்கு ரெண்டு வாரம் மருந்து போதும். நான் எதிர்பார்த்த கிருமி அதுல இல்ல. சீழ் எடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் ஆன்டிபயாட்டிக் போனதால சீழ்ல அது மறைஞ்சிருக்கலாம். கூட அனுப்பின இன்னொரு குப்பியில கண்டிப்பா தெரியும். அது லேபுக்கு வரவே இல்லைங்கிறாங்க. உங்க கையிலதான் குடுத்ததா சிஸ்டர் சொல்றாங்க."

மகன் சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையைத் தொட்டான்.

"அந்தக் கிருமி இருந்தா மாசக்கணக்குல பென்சிலின் குடுக்கணும். இல்லைன்னு விட்டா கட்டி திரும்பி வரும். அப்புறம் கத்திதான். குப்பி எங்கேன்னு யோசிச்சுப் பாருங்க." டாக்டரம்மா போய்விட்டார்.

மருமகள் புருஷன் முகத்தையே பார்த்தாள். "எங்க போட்டீங்க?"

"போடல. குடுத்தேன்."

"குடுத்தா வராம எங்க போகும்?"

"உன் பேர்ல குடுத்தேன்."

"என் பேர்லயா? எனக்கெதுக்கு?"

அவன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலை அடக்கிப் பேசினான். "எல்லார் முன்னாடியும் விதவை, காப்பர் டின்னு கத்துறான். நான் என்ன சொல்ல? எங்கம்மாவோடதுன்னு சொல்லச் சொல்றியா? அப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சு. எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. அவங்க யாரு கூட..."

"வாயை மூடுங்க."

அவள் இதுவரை அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

"உங்க தங்கச்சி பொறந்தப்ப வச்சது அது. உங்கப்பா இருந்தப்ப. எடுக்கப் போனா எவளாவது இப்படி நினைப்பாளோன்னு பயந்து எடுக்காமலே விட்டிருக்காங்க. திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என் காதால கேட்டேன். அவங்க பயந்தது ஊரை. ஆனா அப்படி நினைச்ச ஆளு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு."

மகன் கம்பியை விடவில்லை. தலை மட்டும் கீழே இறங்கியது. மேனேஜரின் வண்டி, நேரம் கழித்து வந்த நாட்கள் எல்லாம் இப்போது எதிர்ப் பக்கம் திரும்பி அவனைப் பார்த்தன. அந்த நாட்களில் அம்மா கூடுதல் வேலை பார்த்தது அவனுடைய ஐ.டி.ஐ. படிப்புக்கு.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் மருமகள், கொஞ்சம் இறங்கி. "என் பேர்லதான இருக்கு."

"வேண்டாம். நானே போறேன்."

லேப் ஜன்னலில் இன்றும் வரிசை. அதே மூக்குக் கண்ணாடிக்காரர். மகன் குனிந்து, ஜன்னல் ஓட்டைக்குள் வாயை வைத்து முணுமுணுத்தான்.

"என்ன? சத்தமாச் சொல்லுங்க தம்பி, காது மந்தம்."

அவன் நிமிர்ந்தான்.

"போன வாரம் ஒரு காப்பர் டி குடுத்தேன். என் ஒய்ஃபோடதுன்னு சொன்னேன். அது பொய். எங்கம்மாவோடது. சீழும் அவங்களோடதுதான். அந்தத் தாள்ல இருந்ததுதான் சரி."

வரிசையில் தலைகள் திரும்பின. ஒரு பெண் தன் கைப்பையைத் தேவையில்லாமல் திறந்து மூடினாள். மூக்குக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். அன்றைக்குத் தான் போட்ட சத்தம் அவருக்கே கேட்டதோ என்னவோ, இந்தத் தடவை குரலை இறக்கினார். "இருங்க."

உள்ளே போய் ஒரு லேடி டாக்டரோடு வந்தார். கிருமிகளை ஆராயும் மைக்ரோபயாலஜி டாக்டர், கையில் ரப்பர் உறை.

"இருபத்து மூணு வயசுப் பொண்ணு, எந்தக் கஷ்டமும் எழுதல. நாளைக்கு இந்தத் தட்டை எறிஞ்சிருப்போம்" என்றார் அவர். "ஆக்ஸிஜன் இல்லாம வச்சிருந்தோம். இன்னிக்குத்தான் ஏதோ முளைக்க ஆரம்பிச்சிருக்கு. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்ததுல கிளை கிளையா இழை தெரிஞ்சுது. அம்மாவுக்குச் சீழ் வேற இருந்துச்சா? அப்ப அர்த்தமே வேற. உங்க டாக்டருக்கு நானே போன் பண்றேன்."

மகன் மாடி ஏறி வார்டுக்குள் வந்தபோது, டாக்டரம்மா சிஸ்டரிடம் பென்சிலின் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சில வாரம் ஊசி, பிறகு மாத்திரை, குறைந்தது ஆறு மாசம், இடையிடையே ஸ்கேன். கர்ப்பப்பை, சினைப்பை எதுவும் எடுக்க வேண்டியதில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த கத்தரியக்கா, மகனைக் கண்டதும் போர்வையை இழுத்தாள்.

இந்தத் தடவை அவன் வாசலில் நிற்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். டாக்டரம்மா போகிறவரை காத்திருந்தான்.

"குப்பியை நான்தான் மாத்திக் குடுத்தேன்மா. இப்ப போய்ச் சரி பண்ணிட்டேன்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் குப்பியைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் என்ன நினைத்தான் என்பதும் விளங்கியது. காய்ச்சல் இல்லாமலே முகம் சுட்டது.

"என்னன்னு சொன்ன?"

"உங்களோடதுன்னு."

"யார் யார் இருந்தாங்க?"

"வரிசை நிறைய."

"மெதுவாத்தான சொன்ன?"

"மெதுவாச் சொன்னா அந்த ஆளுக்குக் கேக்கல."

கத்தரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மகன் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தான். எழுந்தால் மறுபடி வாசல்வரைதான் வர முடியும் என்று தோன்றியதால் உட்கார்ந்தே இருந்தான்.

"நீ என்ன நினைச்ச?" என்று கேட்டாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

பொய் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. "தப்பா நினைச்சேன்மா."

அவள் தலையை ஒரு தரம் அசைத்தாள். மன்னித்ததா, காயப்பட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஊசியோடு சிஸ்டர் வந்து, "கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அவன் எழுந்தான்.

"இருக்கட்டும்மா. கையிலதான போடப் போறே" என்றாள் கத்தரியக்கா. ஊசி குத்தியிருந்த கையைப் போர்வையிலிருந்து வெளியே நீட்டினாள். "அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா போதும்."

மகன் திரும்பிக்கொண்டான்.